கடைக்காரருக்கு எழுதும் தமிழ்: கோல சிலாங்கூர் வட்டாரத்தில் விற்பனைக் கடிதத்தின் நடை

ஒரு மொத்த வியாபாரியோ சிறு உற்பத்தியாளரோ, தன் பொருளை வாங்கி விற்கும்படி ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு முதன்முதலில் அனுப்பும் செய்தியை விற்பனைக் கடிதம் என்று சொல்லலாம். அது தாளில் அச்சிட்ட கடிதமாக இருக்கலாம். இன்று பெரும்பாலும் கைப்பேசியில் வரும் நாலைந்து வரிகளாக இருக்கிறது. கோல சிலாங்கூரிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டப் பகுதிகளிலும் அதைத் தமிழில் எழுதுபவர் முதல் வரியிலேயே ஒரு சிக்கலைச் சந்திக்கிறார். மேடைத் தமிழில் எழுதினால் கடைக்காரருக்கு அது கோயில் திருவிழா அழைப்பிதழைப் போலத் தோன்றும். பேசுவதை அப்படியே எழுதினால், அறிமுகமில்லாத ஒருவன் தோளில் கைபோட்டதுபோல் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு நடை உண்டு. அது எங்கே இருக்கிறது, எதனால் கெடுகிறது என்பதைப் பார்க்குமுன் அதைப் படிப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கடையும் கடைக்காரரும்

இந்த வட்டாரத்துத் தமிழர் வாழ்க்கை தோட்டங்களில் வேர்விட்டது. மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலாக எண்ணெய்ப்பனை பயிரிடப்பட்டது 1917இல், கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். ரப்பரும் பின்னர் செம்பனையும் விளைந்த இத்தகைய தோட்டங்களின் லயங்களை நம்பித்தான் புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெரம், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய சிறுபட்டணங்களில் மளிகைக் கடைகள் நிலைத்தன. தோட்டக் குடும்பங்கள் மாதம் முழுவதும் கடனுக்குச் சாமான் வாங்கும். கடைக்காரர் அதை ‘555’ என்று அட்டையில் அச்சிட்ட சிறு புத்தகத்தில் எழுதி வைப்பார். சம்பளம் வந்ததும் பாக்கி தீரும். அந்தக் கணக்குப் புத்தகம் பல கடைகளில் இன்னும் கல்லாப்பெட்டியின் பக்கத்திலேயே இருக்கிறது.

லயங்களில் இருந்தவர்களில் பெரும்பகுதியினர் இப்போது தாமான்களில் குடியிருக்கிறார்கள். தோட்டத்தில் பழம் வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அங்கே சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகமும் உண்டு. ஆகவே அங்குள்ள தமிழ்க் கடைக்காரர் ஒரு நாளில் தமிழில் விலை சொல்லி, மலாயில் பேரம் பேசி, சீன மொத்த வியாபாரியிடம் மலாயும் ஆங்கிலமும் கலந்து சாமான் கேட்கிறார். அவருக்கு வரும் விற்பனைச் செய்திகள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். தமிழில் ஒரு செய்தி வந்தால் அவர் நின்று படிப்பார். ஆனால் அந்தக் கவனம் முதல் இரண்டு வரி வரைதான் நிற்கும்.

அவருடைய படிப்பும் செய்தியின் நடையைத் தீர்மானிக்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர் ஆறாண்டு தமிழில் பாடம் கேட்டு, பிறகு மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போனவர். செய்தித்தாள் தமிழும் மின்னல் வானொலியின் தமிழும் அவருக்கு நன்றாகப் புரியும். ஆனால் வணிகப் பேச்சுக்கான தமிழ்ச் சொற்களை அவர் பள்ளியில் படிக்கவில்லை, கடையில் கற்றுக்கொண்டார். தொடக்கத்திலிருந்தே மலாய்ப்பள்ளிக்குப் போனவர் சரளமாகத் தமிழ் பேசுவார். எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும், சிலரால் முடியவே முடியாது. அத்தகையவருக்குத் தமிழெழுத்தில் நீண்ட கடிதம் அனுப்பினால் அது அவருடைய குறையைச் சுட்டிக்காட்டியதாகிவிடும். கடைப் பலகையில் தமிழ் இருப்பதை வைத்து முதலாளி தமிழ் படிப்பார் என்று முடிவு கட்டக்கூடாது. பலகை அப்பா காலத்தில் எழுதியதாக இருக்கலாம். கடையில் தமிழ் நாளிதழ் கிடக்கிறதா, கடன் புத்தகத்தில் பெயர்கள் எந்த எழுத்தில் இருக்கின்றன என்பதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் போதும். படிக்காதவருக்குக் குரல்பதிவே சரியான வழி.

மரியாதை எங்கே தங்கியிருக்கிறது

தமிழில் மரியாதையை அடைமொழிகள் தாங்குகின்றன என்று எண்ணுவதுதான் விற்பனைக் கடிதங்களில் மிகப் பரவலான பிழை. ‘மதிப்பிற்குரிய’, ‘பெருமதிப்பிற்குரிய’, ‘வணிகப் பெருந்தகை’ என்று தொடங்குபவர், இரண்டு வரி தள்ளி ‘உடனே தொடர்பு கொள்ளவும்’ என்று முடித்துவிடுவார். முன்னே போட்ட மாலையைப் பின்னே வரும் வினைமுற்று கழற்றிவிடுகிறது. ‘கொள்ளவும்’, ‘அழைக்கவும்’, ‘செலுத்தவும்’ ஆகியவை அறிவிப்புப் பலகையின் முடிவுகள். அலுவலகச் சுற்றறிக்கையில் அவை உறுத்துவதில்லை. தன் கடையில் தானே முதலாளியாக இருப்பவருக்கு அவை உத்தரவாகவே கேட்கும்.

மரியாதை முதலில் வினைமுற்றில்தான் இருக்கிறது. ‘பாருங்கள்’ என்பதில் இருக்கும் பணிவு ‘பார்க்கவும்’ என்பதில் இல்லை, ‘வரலாமா?’ என்பதில் இருப்பது ‘வருவோம்’ என்பதில் இல்லை. கேள்வியாகக் கேட்பது தமிழில் அனுமதி கேட்பதற்குச் சமம். கடைக்காரர் ‘வேண்டாம்’ என்று சொல்ல அது இடம் விடுகிறது; அந்த இடத்தை விடுவதுதான் மரியாதை. பேச்சில் ‘தயவுசெய்து’ என்று யாரும் எளிதில் சொல்வதில்லை. ‘கொஞ்சம் பாருங்க’, ‘முடிஞ்சா சொல்லுங்க’ என்பவைதான் அதன் வேலையைச் செய்கின்றன. எழுத்திலும் ‘தயவுகூர்ந்து’ என்பதைவிட ‘நேரம் இருந்தால்’ என்பதே இயல்பாக இருக்கும்.

அடுத்தது விளிச்சொல். முன்பின் அறியாத கடைக்காரருக்கு ‘ஐயா’, ‘அம்மா’ இரண்டும் எந்த வயதிலும் பொருந்தும். அச்சிட்ட கடிதமானால் பெயருக்கு முன்னே ‘திரு.’ அல்லது ‘திருமதி’ போதும். பழைய கடிதங்களின் ‘மகாராஜராஜஸ்ரீ’ மரபு தொலைந்து நெடுங்காலமாகிவிட்டது, அதை ‘மேன்மைமிகு’ என்று புதுப்பெயரில் திருப்பிக் கொண்டுவரத் தேவையில்லை. டத்தோ போன்ற அரச விருது பெற்றவராக இருந்தால் மட்டும் அதை விடாமல் எழுத வேண்டும். மலேசியாவில் அதை விடுவது கவனக்குறைவாகவே எடுத்துக்கொள்ளப்படும். ‘முதலாளி’ என்பது நேரில் பேசும்போது வாய்க்கு வரும் சொல்; எழுத்தில் முதல் கடிதத்திலேயே போட்டால் வேலை கேட்டு வந்தவர் எழுதியதுபோல் ஆகிவிடும். ‘அண்ணே’, ‘அக்கா’ என்பவை இந்த வட்டாரத்தின் உயிரான சொற்கள். ஆனால் அவற்றை ஒருமுறையாவது நேரில் பார்த்துப் பேசிய பிறகே எழுத்தில் கொண்டுவர வேண்டும். கடைக்காரர் திருப்பி ‘தம்பி’ என்று அழைத்த நாளிலிருந்து ‘அண்ணே’ என்று எழுதலாம். உறவுமுறையைத் தொடங்கி வைக்கும் உரிமை வாங்குபவருடையது. தமிழ் முஸ்லிம் கடைக்காரருக்கும் ‘வணக்கம் ஐயா’ தவறாகாது. அனுப்புபவரும் முஸ்லிமாக இருந்தால் ஸலாம் முன்னே வரும். ஹஜ் பயணம் போய் வந்தவரை ஊரே ‘ஹாஜியார்’ என்று அழைத்தால் கடிதமும் அப்படியே அழைக்க வேண்டும்.

பல கடைகளில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் சாமான் எடுப்பது பற்றி முடிவு செய்பவரும் மனைவியாக இருக்க, பெயர்ப்பலகையிலும் பதிவிலும் கணவர் பெயர் இருக்கும். பதிவேட்டைப் பார்த்து ‘ஐயா’ என்று எழுதினால் தீர்மானிக்கும் ஆளை ஒதுக்கியதாகிவிடும். யார் சாமான் எடுப்பது என்று தெரியாதபோது ‘வணக்கம்’ என்று மட்டும் தொடங்கிவிட்டு நேரே விஷயத்துக்கு வருவது உத்தமம்.

தன்மைப் பன்மையும் கவனிக்கத்தக்கது. நிறுவனத்தின் சார்பில் எழுதுபவர் ‘நாங்கள்’ என்று எழுதுவது முறை. ‘நாம் சேர்ந்து வளர்வோம்’ என்று முதல் கடிதத்தில் எழுதுவது, கடைக்காரர் இன்னும் ஒப்புக்கொள்ளாத கூட்டை ஒப்புக்கொண்டதாகக் காட்டுகிறது. பல ஆண்டு பழக்கத்துக்குப் பின் நேரில் சொல்லும் ‘நம்ம சாமான்’, ‘நம்ம கடை’ என்ற சொற்களுக்கு இருக்கும் இனிமை, முன்கூட்டியே எழுதப்படும் ‘நாம்’ என்பதற்குக் கிடையாது.

இயல்பு எங்கே தங்கியிருக்கிறது

மரியாதை வினைமுற்றிலும் விளியிலும் இருக்கிறது என்றால், இயல்பு பெயர்ச்சொற்களிலும் வாக்கிய நீளத்திலும் இருக்கிறது. இவை இரண்டும் தனித்தனி இடங்களில் இருப்பதால் ஒன்றை விட்டுக்கொடுக்காமலே மற்றதைப் பெறலாம். ‘வருகிறோம்’, ‘தருகிறோம்’ என்று முடிவை எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, நடுவில் வரும் பொருள், விலை, நாள், வண்டி எல்லாவற்றையும் கடையில் வழங்கும் சொல்லால் சொல்வதுதான் இந்த வேலைக்கு ஏற்ற நடை. ‘லோரி செவ்வாய்க்கிழமை வருகிறது, ஒரு பெட்டி இறக்கிவிட்டுப் போகிறோம்’ என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, அதேசமயம் கடைக்காரர் காதில் அது பேச்சாகவே விழும்.

கடைச்சொல் என்பது தமிழ்நாட்டுக் கடைச்சொல் அன்று. இங்கே ‘லாரி’ இல்லை, ‘லோரி’. ‘சரக்கு’ என்பதைவிட ‘சாமான்’. வாரச்சந்தையைவிடப் ‘பாசார் மாலாம்’. பணத்தைப் பேச்சில் ‘வெள்ளி’, ‘காசு’ என்பார்கள். செய்தித்தாளும் ஒப்பந்தமும் ‘ரிங்கிட்’, ‘சென்’ என்று எழுதும். விலையை வாக்கியத்துக்குள் சொல்லும்போது ‘4 வெள்ளி 20 காசு’ என்பது படிப்பவர் மனத்தில் அப்படியே பதியும். தனியாக இணைக்கும் விலைப்பட்டியலில் ‘ரிங்கிட் 4.20’ என்று போடுவது கணக்குக்கு நல்லது. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதுதான் கண்ணை உறுத்தும். ஊர்ப்பெயரிலும் இதே கதைதான். முகவரியில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்க வேண்டும், அஞ்சல் அப்படித்தான் போகும். ஆனால் ‘எங்கள் லோரி பத்தாங் பெர்ஜுந்தை வரைக்கும் வருகிறது’ என்று எழுதியவர், வழி தெரிந்தவர் என்று உடனே புரிந்துவிடும்.

மலேசியத் தமிழில் ஆசிரியர்களும் பத்திரிகைகளும் வழக்கிற்குக் கொண்டுவந்த நல்ல சொற்கள் பல உண்டு. வாட்ஸ்அப்பைப் ‘புலனம்’ என்று எழுதுவது அவற்றில் ஒன்று. தமிழ்ப்பள்ளி விழா மலரில் விளம்பரம் கொடுக்கும்போது அந்தச் சொல்லையே எழுத வேண்டும், அங்கே அதற்குத்தான் மதிப்பு. கடைக்காரருக்கு எண் தரும்போது ‘வாட்ஸ்அப்பில் எழுதலாம்’ என்பதே வேலை செய்யும். சொல் தூய்மையின் மேல் பற்றுள்ளவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். ஆனால் விற்பனைக் கடிதத்தில் படிப்பவரை ஒரு கணம் நிறுத்தி யோசிக்கவைக்கும் எந்தச் சொல்லும் அனுப்பியவரின் நட்டம்தான்.

இன்னொரு வகைப் பிழை மேலே சொன்னவற்றைவிட மோசமானது. ஆங்கில விளம்பரத்தை வரிக்கு வரி தமிழாக்கி அனுப்புவது. ‘உங்கள் வணிகத்தை அடுத்த கட்டத்திற்கு எடுத்துச் செல்லுங்கள்’, ‘எங்கள் தீர்வுகள் உங்கள் தேவைகளுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டவை’ போன்ற வாக்கியங்களில் ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான். ஆனால் எந்தத் தமிழரும் எந்தக் கடையிலும் இப்படிப் பேசியதில்லை. இவற்றைப் படிக்கும் கடைக்காரர் பொருளைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்வதில்லை. வேறெங்கோ எழுதி ஆயிரம் பேருக்கு அனுப்பியது என்பதை மட்டும் தெரிந்துகொள்கிறார்.

ஒரு கடிதம், மூன்று நடை

கிள்ளானில் கறித்தூள் அரைத்துப் பாக்கெட் போடும் ஒரு சிறு தொழிலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். காப்பார், ஜெரம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வழியாக வாரம் ஒருமுறை பெஸ்தாரி ஜெயா வரை அதன் லோரி போகிறது. 250 கிராம் பாக்கெட் கடைக்கு 4 வெள்ளி 20 காசு; கடையில் விற்கும் விலை 5 வெள்ளி; ஒரு பெட்டியில் 24 பாக்கெட். வழியிலுள்ள மளிகைக் கடைக்கு முதல் செய்தி எழுத வேண்டும். கணக்குகள் விளக்கத்துக்காகத் தரப்பட்டவை.

முதல் நடை மேடைத் தமிழ்: ‘பெருமதிப்பிற்குரிய வணிகப் பெருந்தகையீர், தரத்தில் தன்னிகரற்று விளங்கும் எமது நிறுவனத்தின் பல்வகை மசாலாப் பொருள்களைத் தங்களுக்கு அறிமுகப்படுத்துவதில் பேருவகை அடைகிறோம். தங்களின் மேலான ஆதரவை நல்கி, மேல்விவரங்களுக்கு உடனடியாகத் தொடர்பு கொள்ளவும்.’ இதில் விலை இல்லை, ஊர் இல்லை, நாள் இல்லை. என்ன பொருள் என்பதுகூடப் ‘பல்வகை’க்குள் மறைந்துவிட்டது. கடைக்காரர் இதைக் கோபத்தோடு ஒதுக்குவதில்லை; நன்கொடைக் கடிதம் என்று நினைத்து ஓரமாக வைத்துவிடுகிறார்.

இரண்டாவது நடை அதற்கு நேர்மாறு: ‘ஹாய் அண்ணே, எப்படி இருக்கீங்க? நம்மகிட்ட சூப்பர் கறித்தூள் வந்திருக்கு, செம்ம ஆஃபர், மிஸ் பண்ணிடாதீங்க!’ முப்பது வருடம் கடை நடத்தியவருக்கு முகம் தெரியாத ஒருவரிடமிருந்து இது வந்தால் இரண்டு சந்தேகங்கள் எழும். அனுப்பியது சிறுபிள்ளையா? அல்லது பணம் பறிக்கும் கும்பலா? இணைய மோசடிக்காகவே 997 என்ற அவசர எண்ணை அரசாங்கம் 2022இல் தொடங்க வேண்டியிருந்த நாட்டில் இரண்டாவது சந்தேகம் நியாயமானதுதான்.

மூன்றாவது நடை இப்படி அமையலாம்:

‘வணக்கம் ஐயா. நாங்கள் கிள்ளானில் கறித்தூள், மிளகாய்த்தூள் அரைத்துப் பாக்கெட் போடுகிறோம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் எங்கள் லோரி ஈஜோக் வழியாகப் பத்தாங் பெர்ஜுந்தை வரை வருகிறது. 250 கிராம் பாக்கெட் உங்களுக்கு 4 வெள்ளி 20 காசு. கடையில் 5 வெள்ளிக்குப் போகும். ஒரு பெட்டியில் 24 பாக்கெட். முதல் பெட்டிக்கு இப்போது பணம் வேண்டாம். விற்ற பாக்கெட்டுக்கு மட்டும் அடுத்த மாதம் கொடுத்தால் போதும். போகாததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். வரும் செவ்வாய்க்கிழமை மாலை 3 மணி போல ஒரு பாக்கெட் மாதிரி கொண்டுவந்து காட்டலாமா? இனிமேல் செய்தி வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று எழுதினால் போதும், அனுப்பமாட்டோம். நன்றி.’

இதற்குக் கீழே அனுப்புபவரின் பெயர், தொழிலின் பெயர், பதிவு எண், தொலைபேசி எண்.

இந்தக் கடிதத்தில் ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லை. ‘தரமான’, ‘சுவையான’ என்பவற்றை விட்டுவிட்டது தெரிந்தே செய்தது: கறித்தூள் எப்படி இருக்கிறது என்பதைக் கடைக்காரர் பிரித்து முகர்ந்து பார்த்துத்தான் முடிவு செய்வார். அவர் கடிதத்தில் தேடுவது வேறு. ஒரு பாக்கெட்டுக்கு 80 காசு நிற்கும், ஒரு பெட்டி முழுவதும் போனால் 19 வெள்ளி 20 காசு என்று படித்த மாத்திரத்தில் கணக்குப் போட்டுவிடுவார். அந்தக் கணக்கை அவரே போடட்டும் என்று வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் மட்டும் வைத்துவிடுவது அவருடைய தொழிலறிவுக்குக் கொடுக்கும் மரியாதை. ‘நீங்கள் 19 சதவீத இலாபம் ஈட்டலாம்’ என்று எழுதினால் அது பாடம் நடத்துவதாகிவிடும்.

கடிதத்தின் நடுவில் உள்ள இரண்டு உறுதிமொழிகள்தான் வேலையைச் செய்கின்றன: பணம் பிறகு, போகாதது திரும்பும். புதிய பொருளை எடுக்கக் கடைக்காரர் தயங்குவது விலைக்காக அன்று. அலமாரியில் தேங்கித் தேதி முடிந்துபோகுமோ என்பதற்காக. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லும் இடத்தில் சொற்கள் மிகவும் எளிமையாக இருக்க வேண்டும். ‘ஒப்படைப்பு விற்பனை அடிப்படையில்’ என்று எழுதினால் அதற்குள் ஏதோ நிபந்தனை ஒளிந்திருக்கிறது என்று தோன்றும். சொன்னதில் மாற்றமும் இருக்கக்கூடாது. உடைந்த பாக்கெட்டைத் திருப்பி எடுக்க முடியாது என்றால் அதையும் முதல் கடிதத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அதுவரை காட்டிய மரியாதை முழுவதும் வீணாகும்.

‘3 மணி போல’ என்ற சொற்களையும் கவனிக்க வேண்டும். ‘பிற்பகல் 3.00 மணிக்கு’ என்று எழுதுவது அலுவலகச் சந்திப்பு. கடைவீதியில் லோரி வரும் நேரம் மழையையும் சாலையையும் பொறுத்தது. ‘போல’ என்பதில் நேர்மை இருக்கிறது. அதே நேரத்தில் மூன்று மணியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. காலையில் பசியாற வருபவர்களும் மாலையில் வேலை முடிந்து வருபவர்களும் மொய்க்கும் நேரங்களுக்கு நடுவே கடை ஓய்ந்திருப்பது அப்போதுதான்.

நாளும் வழியும்

எழுதியது எவ்வளவு சரியாக இருந்தாலும் தவறான நாளில் போனால் பயனில்லை. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் ஊதியம் கொடுக்கப்பட வேண்டும். ஆகவே மாதத்தின் முதல் வாரத்தில்தான் கடனுக்கு வாங்கியவர்கள் பாக்கியைத் தீர்க்கிறார்கள். கடையில் கூட்டமும் அப்போதுதான் அதிகம். அந்த வாரத்தில் வரும் விற்பனைச் செய்தியைப் படிக்க நேரமிருக்காது. மாதக் கடைசியில் நேரமிருக்கும், கையில் காசிருக்காது. புதிய பொருளைப் பற்றிய பேச்சு எரிச்சலூட்டும். பத்தாம் தேதியிலிருந்து இருபதாம் தேதிவரை முதல் செய்திக்கு ஏற்ற காலம். வசூலுக்கும் அந்தக் காலத்தின் தொடக்கமே நல்லது. பழைய மொத்த வியாபாரிகள் சம்பள நாளுக்குப் பின்பே வசூலுக்கு வந்ததன் காரணம் இதுதான். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் புதியவரின் கடிதம் எடுபடாது, கடை அப்போது ஏற்கெனவே தெரிந்தவர்களிடம்தான் சாமான் எடுக்கும். தீபாவளிக்கு விற்க நினைப்பவர் குறைந்தது இரண்டு மாதம் முன்பே அறிமுகமாகியிருக்க வேண்டும். தமிழ் முஸ்லிம் கடைக்கு வெள்ளிக்கிழமை நண்பகலில் எழுதவோ அழைக்கவோ கூடாது.

முதல் செய்தி எழுத்தில் போகட்டும். தொடர்ச்சி குரலில் இருப்பது நல்லது. இங்கே நடை மாறுகிறது, மாறவும் வேண்டும். எழுத்துத் தமிழை வாயால் படித்து அனுப்பினால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். முதல் பெட்டி இறக்கிய பிறகு அனுப்பும் குரல்பதிவு இவ்வாறு இருக்கலாம்: ‘வணக்கம் ஐயா, கிள்ளான் கறித்தூள்லேருந்து பேசுறேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டி போட்டுட்டு வந்தோம். எப்படிங்க போகுது? மிச்சம் எத்தனை இருக்குன்னு சொன்னீங்கன்னா, இந்த வாரம் அதுக்குத் தகுந்த மாதிரி கொண்டாறோம்.’ பேச்சு முழுக்கப் பேச்சுத்தான். ‘வணக்கம்’, ‘ஐயா’, ‘ங்க’ மூன்றும் அப்படியே இருக்கின்றன. அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. கடையில் ஆள் நிற்கும்போது பதிவு ஒலிபெருக்கியில் ஓடும் என்பதை மறக்கக்கூடாது. விலையையும் பாக்கித் தொகையையும் குரலில் சொல்லவே கூடாது. பக்கத்தில் நிற்பவர் காதில் கடனின் கணக்கு விழுவதைப்போல இந்த ஊர்களில் ஒருவரை அவமதிப்பது வேறில்லை.

பதிலைப் படிப்பதும் எழுதுவதைப்போலவே ஒரு வேலை. தமிழில் நேராக ‘வேண்டாம்’ என்று சொல்பவர் குறைவு. ‘பார்க்கலாம்’, ‘சொல்றேன்’, ‘தீபாவளி முடியட்டும்’ என்பவை பெரும்பாலும் மறுப்புகள்; அவற்றை ஒப்புதலின் முதற்படி என்று எடுத்துக்கொண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எழுதுபவர் வாசலையே அடைத்துக்கொள்கிறார். ‘ஸ்டாக் இருக்கு’ என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஒரு மாதம் கழித்து ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். விருப்பத்தின் அடையாளம் கேள்வியாக வரும்: ‘தேதி எத்தனை மாசம்?’, ‘சின்னப் பாக்கெட் இருக்கா?’ ‘பக்கத்துல யாரு எடுக்கிறாங்க?’ என்ற கேள்வியும் விருப்பம்தான், ஆனால் அதற்குப் பெயர் சொல்லிப் பதில் சொல்வது ஆபத்து. ஒரே சாலையில் நாலு கடை உள்ள ஊரில், எந்தக் கடை எவ்வளவு எடுக்கிறது என்பதைச் சொன்னவர் நாளை தன் கடையைப் பற்றியும் அடுத்தவரிடம் சொல்வார் என்று எல்லாரும் கணித்துவிடுவார்கள். ‘இந்த வழியில் சில கடைகளில் எடுக்கிறார்கள் ஐயா’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சட்டம் கேட்பது

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நேரடி விளம்பரத்துக்காகத் தம் தரவைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒருவர் எழுத்தில் கேட்டு நிறுத்தும் உரிமையை அதன் 43ஆம் பிரிவு தருகிறது. சிறு கடைக்காரரின் கடை எண்ணும் சொந்த எண்ணும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், ‘வேண்டாம் என்று எழுதினால் போதும்’ என்ற வரி பண்புக்காக மட்டும் அங்கே இல்லை. அச்சட்டப்படி தரவு பற்றிய முறையான அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். கடிதம் தமிழில் இருந்தாலும் அந்த அறிவிப்பைத் தமிழில் மட்டும் கொடுத்துவிட முடியாது. உள்நாட்டில் தயாரான உணவுப் பாக்கெட்டின் சிட்டையும் மலாயில் இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். மலாய் படிக்கும் வாடிக்கையாளரே இன்று அந்தக் கடைகளில் அதிகம் என்பதால் இது கடைக்காரருக்கும் வசதி.

கையெழுத்துக்குக் கீழே உள்ள பதிவு எண்ணை நம்பிக்கைக்கான முதல் சான்றாகக் கொள்ளலாம். மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவு எண் 2019 அக்டோபரிலிருந்து 12 இலக்கங்களாக வருகிறது. சந்தேகப்படும் கடைக்காரரோ அவருடைய மகளோ அதை இணையத்தில் தேடிப் பார்க்க முடியும். முதல் செய்தியில் எந்த இணைப்பையும் சேர்க்கக் கூடாது. இணைப்பைத் தட்டிப் பணம் இழந்தவரை ஒவ்வொரு பட்டணத்திலும் தெரிந்தவர் இருக்கிறார். அறியாத எண்ணிலிருந்து வரும் இணைப்பைத் தட்டாதீர்கள் என்று பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். விலைப்பட்டியலைப் படமாக அனுப்பலாம். அதைவிட, செவ்வாய்க்கிழமை லோரியில் வரும்போது ஒரு தாளில் அச்சிட்டு மாதிரிப் பாக்கெட்டோடு கையில் கொடுக்கலாம். கடிதத்தில் எழுதிய நாளில், எழுதிய விலையோடு அந்த லோரி வந்து நிற்காவிட்டால் இரண்டாவது கடிதத்தை எந்த நடையில் எழுதினாலும் அந்தக் கடையில் அது எடுபடாது.